ஒற்றைச் சொல்லா, சொற்றொடரா? ஐடி வைப்பதற்கு முன் ஒரு பலகைக் கடைக்காரரின் வழிகாட்டி

புதுச்சேரியில் பலகைக் கடை வைத்திருக்கிறேன். ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர், விசிட்டிங் கார்டு, ஊறுகாய் டப்பாவுக்கு லேபிள் என்று எழுத்து ஒட்டுகிற வேலை எல்லாம் செய்வோம். முன்பெல்லாம் பலகையின் அடியில் ஃபோன் நம்பரோடு விஷயம் முடிந்துவிடும். இப்போது நம்பருக்குப் பக்கத்தில் @ போட்டு ஒரு பெயரும் வருகிறது. ஹேண்டில் என்பது அதன் பெயர்; ஊரில் எல்லோரும் ஐடி என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த ஐடியை மாற்றவேண்டும் என்று பழைய பலகையோடு திரும்பி வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். பலகைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, வண்ணம்கூட வெளுத்திருக்காது. பெயர் மட்டும் கெட்டுப்போயிருக்கும். இவர்களால் எனக்கு வருமானம் வருவதால், இந்தக் கட்டுரை என் பிழைப்புக்கு நானே வைக்கும் உலைதான்.

பார்த்த வரையில் ஐடிகள் இரண்டு விதமாக மூப்படைகின்றன. ஒற்றைச் சொல் ஐடிக்கு வெளியிலிருந்து முதுமை வருகிறது. நாம் சும்மா இருந்தாலும் உலகத்தில் வேறு யாருக்கோ அந்தச் சொல் தேவைப்படும், அல்லது அந்தச் சொல்லின் பொருளே மாறிப்போகும். சொற்றொடர் ஐடிக்கு உள்ளேயிருந்து வருகிறது. உலகம் அப்படியே இருக்க, நம் தொழில் மாறும், வீடு மாறும், வயது ஏறும். அதற்குள் நாம் எழுதிவைத்த விவரம் பொய்யாகிவிடும். எதை எடுப்பது என்ற கேள்வி, இந்த இரண்டு முதுமையில் எது உங்களுக்கு முதலில் வரும் என்ற கேள்விதான்.

இதைப் படிப்படியாகச் சொல்ல என் அக்கா மகளின் கதையை எடுத்துக்கொள்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். அவள் மாமனாருக்குப் பண்ருட்டிப் பக்கம் செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்பு. உடைத்த பருப்பை வீட்டிலேயே தரம் பிரித்து, வறுத்து, அரைக்கிலோ டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தாள். லேபிள் அடிக்க என்னிடம் வந்தபோது கையில் இரண்டு பெயர் இருந்தது: `mundhiri`, `panruti_cashew_home`. "எது மாமா நல்லது?" என்றாள். இரண்டுமே வேண்டாம் என்று முடிவாக இரண்டு வாரம் ஆனது. (சில ஐடிகளை, அடையாளம் தெரியாமலிருக்க, இங்கே மாற்றியிருக்கிறேன்.)

முதல் படி: எழுத்தை எண்ணுங்கள்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் பாதிப் பெயர்கள் இங்கேயே உதிர்ந்துவிடும். இன்ஸ்டாகிராம் 30 எழுத்து வரை விடும். யூடியூபில் 3 முதல் 30 வரை. டெலிகிராமில் 5 முதல் 32 வரை. எக்ஸ் தளத்தில் மட்டும் 15 எழுத்துதான். ஆகவே 15 என்பதை எல்லையாக வைத்துக்கொண்டால் எங்கே போனாலும் ஒரே பெயர் நிற்கும். இன்றைக்கு எக்ஸ் பக்கம் போகிற எண்ணமே இல்லாவிட்டாலும் இந்த எல்லையை மதிப்பது நல்லது. நாளைக்கு எந்தத் தளம் வரும், அது எத்தனை எழுத்து கொடுக்கும் என்பது நம் கையில் இல்லை.

```
panruti_cashew_home   19
panruticashew         13
mundhiri               8
semmanthoppu          12
```

நான்காவது பெயர் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணும்போதே இடையில் வரும் குறிகளையும் பார்த்துவிடுங்கள். புள்ளியை இன்ஸ்டாகிராம் ஏற்கும். எக்ஸும் டெலிகிராமும் ஏற்காது. கீழ்க்கோட்டை இந்த மூன்றும் ஏற்கும், ஆனால் பலகையில் அது படுத்தும் பாடு எனக்குத்தான் தெரியும். வினைலில் வெட்டினால் மெல்லிய கோடு முதல் வெயிலிலேயே உரிந்துவிடுகிறது. பெயருக்கு அடியில் அழகுக்கு ஒரு கோடு போட்டால் கீழ்க்கோடு அதில் மறைந்துபோகிறது. ஃபோனில் சொல்லும்போது "அண்டர்ஸ்கோர்" என்றால், வயதான வாடிக்கையாளர் அந்தச் சொல்லையே டைப் செய்து தேடுகிறார். எழுத்துகளைச் சேர்த்தே எழுதுங்கள். சேர்த்து எழுதிப் படிக்க முடியாத சொற்றொடர் நீளமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா மகளின் இரண்டாவது பெயர் இந்தப் படியிலேயே விழுந்தது. `home`ஐயும் கோடுகளையும் கழற்றி `panruticashew` ஆக்கி அடுத்த படிக்கு எடுத்துச்சென்றோம்.

இரண்டாம் படி: காதால் கேட்டு எழுதச் சொல்லுங்கள்

தமிழர்களுக்கு இந்தப் படிதான் முக்கியம், இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இன்ஸ்டாகிராமும் எக்ஸும் ஐடியில் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை. ஆகவே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். அப்படி எழுதும்போது குறில் நெடில் போய்விடும், ழகரம் ஆளுக்கொரு விதமாகும், தகரம் `th`, `dh`, `d`, `t` என்று நான்கு வேஷம் போடும்.

ஒற்றைச் சொல்லுக்கு இது இரட்டை அடி. ஒன்று, ஒரே சொல்லுக்குப் பல எழுத்துக்கூட்டு. இரண்டு, ஒரே எழுத்துக்கூட்டுக்குப் பல சொல். `malai` என்பது மலையா மாலையா? இந்தி பேசுகிறவருக்கு அது பாலாடை. ஆக, மலையேறுகிறவர் வைத்த ஐடியில் பனீர் விலை கேட்பார்கள். `thinai` என்று அகத்திணையை நினைத்து வைத்தால், சிறுதானியக் கடைக்காரர்களின் தினை வந்து சேரும். கடற்கரையோரம் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர் கடல் அலை என்று நினைத்து `kadalalai` என்று பலகை எழுதிக்கொண்டார். வருகிறவர்கள் நடுவில் உள்ள `la`வை விழுங்கிவிட்டு `kadalai` என்று தேடினார்கள். கிடைத்தது நிலக்கடலை. அறை கேட்டுத் தேடியவருக்கு உப்பு போட்டு வறுத்த பாக்கெட்.

சோதனை எளிது. பழகிய எட்டுப் பத்துப் பேருக்கு ஃபோன் செய்து பெயரை ஒரே ஒரு முறை வாயால் சொல்லி, கேட்டபடி டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. வயதானவர் இரண்டு பேர், வேறு மாவட்டத்துக்காரர் இரண்டு பேர் கட்டாயம் அதில் இருக்கவேண்டும். அக்கா மகள் தன் பழைய வாடிக்கையாளர்கள் எட்டுப் பேரிடம் "முந்திரி" என்று சொன்னாள். திரும்பி வந்தவை `mundhiri`, `munthiri`, `mundiri`, `mundri`. எட்டுப் பேரிடம் நான்கு விதம். நான்காக உடைகிற பெயரை வைத்திருந்தால், தேடி வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி வேறு யார் வாசலுக்கோ போகும்.

`panruticashew` இதில் ஓரளவு தேறியது. ஊர்ப்பெயரை மட்டும் மூன்று பேர் இரண்டு `t` போட்டு எழுதினார்கள். அவர்கள் மேல் தவறில்லை. பஸ் பலகையிலும் கடைப் பலகையிலும் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன், நானே இரண்டு விதமாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எத்தனை பேர் சரியாக எழுதினால் போதும்? என் கணக்கு, நான்கில் மூன்று பேர். மிச்சமுள்ளவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தவறு செய்தால் அந்தத் தவறான எழுத்துக்கூட்டையும் ஒரு கணக்காக எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு தவறு செய்தால் பெயரை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒற்றைச் சொல்லை வெளியிலிருந்து பாருங்கள்

அழகான ஒற்றைச் சொல் கிடைத்துவிட்டது, எழுத்துக்கூட்டும் உடையவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேட்கவேண்டியது, இந்தச் சொல் இன்னும் யாருக்கெல்லாம் வேண்டும் என்பது.

ஆஸ்திரேலியக் கலைஞர் ஒருவர் 2012-ல் இன்ஸ்டாகிராமில் `@metaverse` என்ற ஐடி எடுத்தார். அப்போது அந்தச் சொல்லைத் தெரிந்தவர்கள் குறைவு. ஒன்பது ஆண்டு தன் படைப்புகளை அதில் போட்டுவந்தார். 2021 அக்டோபர் 28 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டு, இனி மெட்டாவெர்ஸ்தான் என்று அறிவித்தது. இன்ஸ்டாகிராமும் அதே நிறுவனத்துடையது. சில நாட்களிலேயே, வேறொருவர் போல் நடிப்பதாகச் சொல்லி அந்தக் கலைஞரின் கணக்கு முடக்கப்பட்டது. பத்திரிகையாளர்கள் விசாரித்த பிறகு, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. அவர் பெயரை மாற்றவில்லை, தொழிலை மாற்றவில்லை. அவர் நின்ற இடத்தில் ஊரே வந்து கட்டடம் கட்டியது.

மிகச் சுருக்கமான ஐடிக்கு இன்னொரு ஆபத்து, திருட்டு. ட்விட்டரில் `@N` என்ற ஓரெழுத்து ஐடி வைத்திருந்தவரிடம், அவருடைய இணையதள முகவரிகளைக் கைப்பற்றி மிரட்டி, 2014 ஜனவரியில் ஒருவன் அந்த ஐடியைப் பிடுங்கிக்கொண்டான். மீண்டும் அவர் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 2023 ஜூலையில் ட்விட்டர் எக்ஸ் ஆனபோது, `@x` வைத்திருந்தவரிடமிருந்து நிறுவனமே அதை எடுத்துக்கொண்டது. பணம் எதுவும் கொடுக்கவில்லை. ஐடி நமக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மனை கிடையாது. தளத்துக்காரர் விட்டுவைக்கும் வரையில்தான் நமக்கு.

கடலூரில் முந்திரி விற்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அளவு சிறியது, நோய் ஒன்றுதான். பொதுவான சொல்லை எடுத்தவருக்கு, அதே சொல்லை விரும்புகிற யாரோ கடவுச்சொல்லை மாற்ற முயன்றதாகத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். அதுதான் அறிகுறி. மாதம் ஒன்றிரண்டு வந்தாலே இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடவேண்டும். அதையும் எஸ்எம்எஸ் வழியாக வைக்காமல், குறியீடு உருவாக்கும் செயலி வழியாக வைப்பது பாதுகாப்பு. சிம்மை வேறு கைக்கு மாற்றிவிட்டால் எஸ்எம்எஸ்ஸும் அந்தக் கைக்கே போகும்.

இன்னொரு அறிகுறி, தவறிப்போய் வந்து சேருகிற தபால். 2010-ல் அமெரிக்கப் பெண் ஒருவர் தன் செல்லப்பெயரை வைத்து `@theashes` என்று ஐடி வைத்திருந்தார். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆஷஸ் தொடர் ஆட, ஸ்கோர் பற்றிய அத்தனை செய்தியும் அவர் தலையில் விழுந்தது. நான் கிரிக்கெட் ஆட்டம் இல்லை என்று அவர் கத்தவேண்டியதாயிற்று. பிறகு அவரை ஆஸ்திரேலியாவுக்கே அழைத்து ஆட்டம் காட்டினார்கள் என்பது அவர் அதிர்ஷ்டம். நமக்கு வருகிற தவறான தபாலுக்கு விமான டிக்கெட் வராது.

நம் ஊரில் இதற்கு `thane` நல்ல உதாரணம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்த புயலின் பெயர் அது. மும்பைக்குப் பக்கத்தில் உள்ள நகரத்தின் பெயரும் அதே எழுத்துதான். அதைத் தமிழாக வாசித்தால் "தானே" என்ற சாதாரணச் சொல். மூன்று திசையிலிருந்தும் ஆள் வருகிற முச்சந்தியில் கடை போட்டால் கூட்டம் இருக்கும், நம் சரக்கைக் கேட்கிறவர் இருக்கமாட்டார்.

இதைச் சோதிக்க, எடுக்க நினைக்கும் சொல்லைத் தளத்தின் தேடலில் போட்டு, வருகிற முதல் பத்துக் கணக்குகளைப் பாருங்கள். பத்தும் பத்து வேறு தொழில், வேறு மொழி என்றால் அந்தச் சொல் பொதுச்சொத்து. இரண்டு மூன்று பேர்தான், அவர்களும் தூங்கிக் கிடக்கிறார்கள் என்றால் தொடலாம். `mundhiri` ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது. "பின்னால் 31 போட்டுக்கொள்ளட்டுமா மாமா, நம்ம வண்டி நம்பர்தானே?" என்றாள். கடலூர் வண்டிக்கு TN 31, புதுச்சேரிக்கு PY 01. இந்த எண்களை ஒட்டவைத்த ஐடிகள் இங்கே ஏராளம். எண் ஒட்டிய பிறகு அது ஒற்றைச் சொல் இல்லை. சொல்லைக் கேட்டவர் எண்ணை மறப்பார்; நேராக எண் இல்லாதவரிடம் போய்ச் சேருவார். முந்திரிக்கொட்டை போல அங்கே ஒருவர் முந்திக்கொண்டுவிட்டார், விட்டுவிடு என்றேன்.

நான்காம் படி: சொற்றொடரை உள்ளிருந்து பாருங்கள்

சொற்றொடரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எப்போது பொய்யாகும் என்று கேளுங்கள். சரக்கு, இடம், காலம், ஆள் என்று நான்கு வகைத் துண்டுகள்தான் பெரும்பாலும் இருக்கும்.

சரக்குத் துண்டு சீக்கிரம் கெடும். `panruticashew` என்று வைத்துவிட்டு இரண்டாம் வருடம் பலாப்பழ வற்றல் விற்க ஆரம்பித்தால் என்ன செய்வது? பண்ருட்டிக்காரர் பலா விற்காமல் இருப்பாரா? இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். மாமனார் தோப்பு வரப்பில் ஒன்பது பலா மரம் இருக்கிறதாம். "கேக்" என்று ஐடி வைத்துக்கொண்டு பிரியாணி விற்கிற வீட்டுச் சமையல்காரர்கள் மூன்று பேருக்கு நான் கார்டு அடித்திருக்கிறேன்.

இடத்துண்டு பற்றிப் பலர் பயப்படுவது ஊர்ப்பெயர் மாறிவிடும் என்று. பாண்டிச்சேரி 2006-ல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது உண்மைதான். ஆனால் தமிழில் அது எப்போதுமே புதுச்சேரிதான். மாறியது ஆங்கில எழுத்து மட்டும். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் இன்றும் பழைய பெயரிலேயே இருக்கிறது. பஸ்ஸில் "பாண்டி, பாண்டி" என்று கூவுவதும் நிற்கவில்லை. `pondy` வைத்தவர்கள் யாரும் பெயர் மாற்றத்தால் கெட்டதாக நான் பார்க்கவில்லை. `pondicherry` வைத்தவர்களுக்குத் தொல்லை வேறு வகை: அதுவே 11 எழுத்து, எக்ஸ் கணக்கில் மிச்சம் 4. `puducherry` 10, `cuddalore` 9. ஊர்ப்பெயர் இடத்தை அடைத்துக்கொள்கிறது, தொழிலைச் சொல்ல வழியில்லை. இடத்துண்டு உண்மையில் கெடுவது நாம் இடம் மாறும்போதுதான். கடலூரிலிருந்து சென்னைக்குக் கடையை மாற்றியவரின் ஐடியில் கடலூர் இருந்தால், சென்னை வாடிக்கையாளர் டெலிவரி கடலூரிலிருந்தா வருகிறது என்று கேட்பார். ஆனால் சரக்கே அந்த ஊர்ச் சரக்கு என்றால் கதை தலைகீழ். அப்போது கடை எங்கே போனாலும் ஊர்ப்பெயர் கெடாது.

காலத்துண்டு, அதாவது ஆண்டு, வயது, `new`, `student` போன்றவை. இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வைக்காதீர்கள். ஒரு விதிவிலக்கு, வேலையே முடிந்துபோகக்கூடியது என்றால். வெள்ள நிவாரணத்துக்காகத் தொடங்கும் கணக்குக்கு ஊரும் ஆண்டும் சேர்த்து நீளமாக விவரமாகவே வையுங்கள். அவசரத்தில் தேடுகிறவர் விவரத்தைத்தான் தேடுவார். வேலை முடிந்ததும் அது பழசாகத்தான் வேண்டும். அந்த ஆண்டு எண், பழைய கணக்கைப் பார்த்து இன்றைக்கு அரிசி கேட்கிறவரைத் தடுக்கும்.

ஆள் துண்டு, நம் பெயரோ வீட்டுப் பெரியவர் பெயரோ, மெதுவாகத்தான் கெடும். கூட்டுக்கடை என்றால் மட்டும் கவனம். இரண்டு நண்பர்கள் பெயரையும் சேர்த்து வைத்த ஐடியை, ஒருவர் விலகியதும் மாற்ற என்னிடம் வந்தார்கள், வந்தது ஒருவர்தான்.

ஐந்தாம் படி: விவரத்தை ஐடியிலிருந்து வெளியே எடுங்கள்

இது தெரியாததால்தான் பலர் நீளமான ஐடி வைக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஐடி வேறு, அதற்கு மேலே உள்ள பெயர்ப்பெட்டி வேறு. பெயர்ப்பெட்டியில் தமிழிலேயே எழுதலாம், இடைவெளி விடலாம், தேடும்போது அதுவும் அகப்படும். 14 நாளுக்குள் இரண்டு முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. எக்ஸிலும் யூடியூபிலும் இதே போல இரண்டு அடுக்கு உண்டு.

ஆகவே சீக்கிரம் கெடுகிற துண்டுகளைப் பெயர்ப்பெட்டியில் போடுங்கள்: சரக்கு, ஊர், டெலிவரி உண்டா என்பது. கெடாத துண்டுகளை மட்டும் ஐடியில் வையுங்கள். ஒற்றைச் சொல்லா சொற்றொடரா என்ற சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

அக்கா மகளிடம், உன் சரக்கில் மாறாதது எது என்று கேட்டேன். முந்திரி மாறலாம், விற்கிற ஊர் மாறலாம். மாறாதது அந்த நிலம்தான். செம்மண், தோப்பு. இரண்டையும் சேர்த்தால் `semmanthoppu`, 12 எழுத்து. முந்திரியானாலும் பலாவானாலும் புளியானாலும் பொய்யாகாது. தேடலில் வேறு தொழில்காரர் வந்து நிற்கவில்லை, ஏனென்றால் இரண்டு சாதாரணச் சொற்கள் சேர்ந்து ஓர் அசாதாரணச் சேர்க்கை ஆகிவிட்டன. அதே எட்டுப் பேருக்கு மீண்டும் ஃபோன் போனது. ஆறு பேர் சரியாக எழுதினார்கள். ஒருவர் ஒரு `p`ஐ விட்டார், ஒருவர் `s`க்குப் பதில் `ch` போட்டார். நான்கில் மூன்று, தேறியது.

எல்லோருக்கும் இதே விடை வராது. கடை இல்லாமல் ஆளே முதலீடாக இருக்கிறவர்கள், அதாவது படம் வரைகிறவர், பாட்டு வாத்தியார், எழுதுகிறவர், சுருக்கமான ஒற்றைச் சொல்லை எடுப்பது மேல். இன்று மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவர் நாளைக்குக் கச்சேரி ஏற்பாடு செய்வார். விவரம் அவரைத் துரத்திக்கொண்டே ஓடும். ஆனால் அந்தச் சொல் அகராதியில் பளிச்சென்று கிடக்கிற சொல்லாக இருக்கக் கூடாது. வீட்டில் கூப்பிடுகிற பெயர், பெயரின் இரண்டு பாதியை ஒட்டிச் செய்த சொல், இப்படி வேறு யாருக்கும் தேவைப்படாத ஒன்று வேண்டும். ஒரே சேவையை ஒரே ஊரில் செய்கிற தண்ணீர் லாரிக்காரருக்கும் ஏசி பழுது பார்க்கிறவருக்கும் நீளமான விவர ஐடியே போதும். அவரை யாரும் பெயர் சொல்லித் தேடப்போவதில்லை. வேலையையும் ஊரையும் போட்டுத்தான் தேடுவார்கள்.

ஆறாம் படி: எல்லா இடத்திலும் ஒரே நாளில் எடுங்கள்

பெயர் முடிவானதும் வெளியில் சொல்வதற்கு முன் இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ், டெலிகிராம், மின்னஞ்சல் ஐந்திலும் அதே மாலைக்குள் எடுத்துவிடுங்கள். உலாவியில் முகவரியைத் தட்டிப் பார்த்து "பக்கம் இல்லை" என்று வந்தால் பெயர் காலியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். முடக்கப்பட்ட கணக்கின் பெயரும் அப்படித்தான் காட்டும், ஆனால் நமக்குக் கிடைக்காது. கணக்கு தொடங்கும் திரையில் பெயரை உள்ளிட்டுப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. லேபிள் அடித்த பிறகு இதைச் செய்ய வந்து, யூடியூபில் மட்டும் கிடைக்காமல் திகைத்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜிமெயிலில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே முகவரிதான், ஆகவே அங்கே புள்ளி வைத்த வடிவத்தைத் தனியாக எடுக்க வேண்டியதில்லை. ஃபோன் சோதனையில் வந்த முக்கியமான தவறு வடிவத்தை மட்டும் எடுத்து, அதில் ஒரே ஒரு படம் போட்டுச் சரியான ஐடியைக் காட்டிவிடுங்கள். அக்கா மகள் ஒற்றை `p` உள்ள `semmanthopu`வை எடுத்து வைத்தாள்.

அப்புறம் கியூஆர் கோடு. இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு நேராகப் போகும் கோடை லேபிளில் அடிக்காதீர்கள். அந்த முகவரிக்குள் ஐடி இருக்கிறது. ஐடி மாறினால் அடித்த லேபிள் அத்தனையும் குப்பை. சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்கி, கோடு அங்கே போகும்படி வைத்து, அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளுங்கள்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்

எல்லாம் பார்த்து வைத்தும் சில பெயர் கெடும். ஐடியைச் சொன்ன உடனே "ஆனால் இப்போது..." என்று விளக்கம் சேர்க்க வேண்டி வந்தால், சொற்றொடர் கெட்டுவிட்டது. வருகிற செய்திகளில் பாதி வேறு யாருக்கோ உரியது என்றால், ஒற்றைச் சொல் கெட்டுவிட்டது.

மாற்றும்போது தளத்துக்குத் தளம் நடைமுறை வேறு. இன்ஸ்டாகிராமில் பழைய ஐடிக்குத் திரும்ப வேண்டுமானால் பெரும்பாலும் 14 நாள் அவகாசம் இருக்கும். யூடியூபிலும் பழைய ஹேண்டிலை 14 நாள் பிடித்து வைத்திருப்பார்கள். அதுவரை பழைய முகவரியும் புதியதும் இரண்டும் வேலை செய்யும். எக்ஸில் அப்படி எதையும் நம்பாதீர்கள். மாற்றிய அடுத்த நிமிடமே வேறொருவர் எடுக்கலாம், பழைய பதிவுகளில் உங்களைக் குறிப்பிட்டவை எல்லாம் அவரைக் காட்டும். ஆகவே மாற்றிய கையோடு இன்னொரு மின்னஞ்சலில் புதுக் கணக்கு தொடங்கி, பழைய ஐடியை அதில் பூட்டி வையுங்கள். முகப்புக் குறிப்பில் "பழைய பெயர் இது" என்று ஆறு மாதமாவது இருக்கட்டும். பலகையை உடனே மாற்றாதீர்கள். பழைய ஐடி உங்கள் கையிலேயே இருந்தால், அவசரமில்லை. லேபிள் தீரும் வரை ஓட்டுங்கள். இதைச் சொல்வதற்கு என் கடைப் பையன் என்னை முறைக்கிறான்.

அக்கா மகள் கடை தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. பலா வற்றல் இரண்டாம் வருடமே வந்துவிட்டது, இந்த வருடம் புளியும். பெயர்ப்பெட்டியில் "பண்ருட்டி முந்திரி" என்று இருந்ததை "முந்திரி, பலா, புளி | கடலூர்" என்று மாற்றிக்கொண்டாள். லேபிளில் ஐடிக்குக் கை வைக்கவில்லை. `panruticashew`வும் அவளிடம்தான் இருக்கிறது. முதல் நாள் ஆசைக்கு எடுத்து வைத்தாள். அதில் ஒரு டப்பா படம், அடியில் `@semmanthoppu`. மாதத்துக்கு நாலைந்து பேர் இன்னும் அந்த வழியாகத்தான் வருகிறார்களாம்.